உட்கணங்கள் அனைத்தையும் எடுக்க மூன்று ரிகர்ஷன் வழிகள்: எதை எப்போது எழுதுவது?

ஒரு கணத்தின் எல்லா உட்கணங்களையும் எடுத்துத் தரும் ஃபங்ஷனை ரிகர்ஷனில் எழுத மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது, சிறிய கணத்தின் விடையை வாங்கி அதை இரட்டிப்பது. இரண்டாவது, ஒவ்வொரு உறுப்பிடமும் நின்று "எடுக்கவா, விடவா" என்று கிளை பிரிவது. மூன்றாவது, லூப்புக்குள் ரிகர்ஷன் வைத்து, அடுத்து எந்த உறுப்பைச் சேர்க்கலாம் என்று பார்த்துக்கொண்டே போவது. மூன்றும் ஒரே விடையைத்தான் தருகின்றன. ஆனால் மெமரி தேவை, தேவையில்லாத கிளையை வெட்டும் வசதி, ஒரே மதிப்பு இருமுறை வந்தால் சமாளிக்கும் விதம் ஆகியவற்றில் மூன்றும் வெவ்வேறு.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரிந்துகொள்ள முதல் வழி, வேலைக்குப் பெரும்பாலும் மூன்றாவது. இரண்டாவதைக் குறிப்பிட்ட ஒருவகைக் கணக்குக்கு மட்டும் எடுப்பேன். பாடம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், அதனால் இது சிலருக்கு ஒப்பாமல் போகலாம்.

இரட்டிக்கும் வழி

```python
def subsets(a):
    if not a:
        return [[]]
    rest = subsets(a[1:])
    return rest + [[a[0]] + s for s in rest]
```

`[1, 2, 3]` கொடுத்தால் அழைப்பு உள்ளே உள்ளே போய் வெற்று லிஸ்ட்டைத் தொடும். அங்கே `[[]]` கிடைக்கும். திரும்பி வரும்போது 3 சேர்கிறது: `[], [3]`. அடுத்து 2: முன்பிருந்த இரண்டும் அப்படியே இருக்க, அவற்றோடு 2 சேர்த்த `[2], [2, 3]` என்ற இரண்டும் வரும். கடைசியாக 1: இருந்த நான்கு, 1 சேர்த்த நான்கு, மொத்தம் எட்டு.

உறுப்பு ஒன்று கூடும்போது எண்ணிக்கை ஏன் இரு மடங்காகிறது என்பதற்கான விடை அந்தக் கடைசி வரியிலேயே இருக்கிறது. புதிய உறுப்பு x வந்ததும் உட்கணங்கள் இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. x இல்லாதவை ஒரு கூட்டம், அவை முன்பே நம்மிடம் இருந்தவை. x உள்ளவை இன்னொரு கூட்டம். அவற்றில் எதை எடுத்து x-ஐ உருவினாலும் முதல் கூட்டத்தில் ஒன்று கிடைக்கும், முதல் கூட்டத்தில் எதோடு x-ஐச் சேர்த்தாலும் இரண்டாம் கூட்டத்தில் ஒன்று கிடைக்கும். ஒன்றுக்கு ஒன்று ஜோடி. ஆகவே இரண்டு கூட்டமும் சம அளவு. ஒரே உட்கணம் இரண்டு கூட்டத்திலும் இருக்கவும் வழியில்லை, ஏனென்றால் ஒன்றில் x உண்டு, மற்றதில் இல்லை. மூன்றாவது கூட்டம் என்று ஒன்றும் கிடையாது. இவை அனைத்தும் சேர்ந்தால்தான் "சரியாக இரு மடங்கு" என்று சொல்ல முடியும். இவற்றில் ஒன்று பொய்த்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால், ஒரே மதிப்பு இருமுறை வரும் இடத்தில் பார்ப்போம்.

இரட்டிப்பு எதிலிருந்து தொடங்குகிறது என்பதும் முக்கியம். வெற்றுக் கணத்துக்கு ஒரே ஒரு உட்கணம் உண்டு: அதுவேதான். அதனால் அடிப்படை நிலையில் `[[]]` திருப்புகிறோம், அதாவது வெற்று லிஸ்ட் ஒன்றை உள்ளே வைத்திருக்கும் லிஸ்ட். அவசரத்தில் `[]` என்று எழுதினால் பிழைச்செய்தி எதுவும் வராது. எந்தக் கணத்தைக் கொடுத்தாலும் விடையாக `[]` மட்டும் வரும். பூஜ்யத்தை எத்தனை முறை இரட்டித்தாலும் பூஜ்யம்தானே. இந்த ஃபங்ஷன் எப்போதும் வெற்று விடையே தருகிறது என்றால் முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

இங்கே இன்னொரு சறுக்கல் உண்டு, விடை சரியாக வருவதால் கண்ணில் படாது. `rest` என்று ஒருமுறை வாங்கி வைக்காமல், கடைசி வரியில் `subsets(a[1:])` என்பதை இரண்டு இடத்திலும் எழுதிவிடுவது. 20 உறுப்புக்கு 21 அழைப்புகளில் முடிய வேண்டியது 20,97,151 அழைப்புகளாகிவிடும். இரட்டிக்க வேண்டியது விடையை மட்டுமே, அதைத் தேடும் வேலையையும் சேர்த்து இரட்டித்துவிடுகிறோம்.

இந்த வழியின் உண்மையான குறை மெமரி. ஒவ்வொரு உறுப்பும் சரிபாதி உட்கணங்களில் இருக்கிறது, ஆகவே எல்லா உட்கணங்களிலும் உள்ள உறுப்புகளைக் கூட்டினால் n × 2ⁿ⁻¹. 20 உறுப்புக்கு அது ஒரு கோடியே சொச்சம். 64-பிட் பைத்தானில் ஒவ்வொரு இடத்துக்கும் 8 பைட், ஒவ்வொரு லிஸ்ட்டுக்கும் தனியாக 56 பைட் என்று வைத்தாலே 140 மெகாபைட்டைத் தாண்டும். 25 உறுப்பு என்றால் 5 ஜிகாபைட். உட்கணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு விட்டுவிடலாம் என்ற வேலைக்கு இவ்வளவையும் தூக்கிச் சுமப்பது வீண்.

எடுக்கவா, விடவா

```python
def walk(i):
    if i == len(a):
        out.append(path[:])
        return
    walk(i + 1)
    path.append(a[i])
    walk(i + 1)
    path.pop()
```

இங்கே `a` என்பது கொடுத்த லிஸ்ட். `path`, `out` இரண்டையும் வெளியே `[]` என்று தொடங்கிவிட்டு `walk(0)` என்று அழைக்க வேண்டும், அடுத்த வழியிலும் அப்படியே. `path` என்ற ஒரே லிஸ்ட்தான் எல்லா அழைப்புகளுக்கும் பொது. ஒவ்வொரு உறுப்பிடமும் முதலில் அதை விட்டுவிட்டுக் கீழே போகிறோம், திரும்பி வந்து அதைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் கீழே போகிறோம், பிறகு சேர்த்ததை எடுத்துவிடுகிறோம். அழைப்புகளை மரமாக வரைந்தால் ஒவ்வொரு மட்டத்திலும் கிளைகள் இரண்டாகப் பிரியும். உட்கணங்கள் அடிமட்டத்து இலைகளில் மட்டும் கிடைக்கும். இரட்டிப்பு மட்டத்துக்கு மட்டம் நடப்பதை இதில் கண்ணால் பார்க்கலாம். 3 உறுப்புக்கு இலைகள் 8, ஆனால் மொத்த அழைப்புகள் 15. இலைகளைத் தவிர மற்ற ஏழும் வழியில் வருபவை.

கிடைத்ததை லிஸ்ட்டில் சேர்க்காமல் அங்கேயே பயன்படுத்திக்கொண்டால் மெமரி கவலை இல்லை. எந்த நேரத்திலும் கையில் இருப்பது ஒரு `path`, அடுக்கில் n+1 அழைப்புகள், அவ்வளவே. பைத்தானின் ரிகர்ஷன் ஆழ வரம்பு இயல்பாக 1000. அந்த ஆழத்தைத் தொடும் அளவுக்கு n இருந்தால், வரம்பு இல்லாவிட்டாலும் வேலை முடியப்போவதில்லை.

ஒரே லிஸ்ட்டைப் பலர் பகிர்ந்துகொள்வதால் இந்த வழியில் இரண்டு பிழைகள் அடிக்கடி வருகின்றன, இரண்டுக்கும் அடையாளம் வேறு. முதலாவது, `path[:]` என்று நகல் எடுக்காமல் `out.append(path)` என்று எழுதுவது. எண்ணிப் பார்த்தால் எட்டு இருக்கும். ஆனால் எட்டும் `[]`. எட்டு இடத்திலும் நிற்பது ஒரே லிஸ்ட், வேலை முடியும்போது அது காலியாக இருக்கிறது. இதை அச்சிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டாவது, `path.pop()` வரியை மறப்பது. இது கொஞ்சம் தந்திரமானது. `[1, 2, 3]`-க்கு இப்படி வரும்: `[]`, `[3]`, `[3, 2]`, `[3, 2, 3]`, `[3, 2, 3, 1]` என்று நீண்டுகொண்டே போய், எட்டாவது விடையில் ஏழு உறுப்புகள் இருக்கும். கவனியுங்கள், எண்ணிக்கை எட்டுதான். எட்டும் ஒன்றுக்கொன்று வேறானவையும்கூட. ஆகவே "2ⁿ வந்ததா, திரும்ப வராமல் இருக்கிறதா" என்று மட்டும் சோதிக்கிற டெஸ்ட் இதைத் தேர்ச்சி செய்துவிடும். சரியான சோதனை இரட்டிப்பிலிருந்தே கிடைக்கிறது: ஒவ்வொரு உறுப்பும் சரிபாதியில், அதாவது எட்டில் நான்கில், வந்திருக்க வேண்டும். மொத்த உறுப்புகள் 12 ஆக வேண்டும். பிழையான விடையில் 0 முதல் 7 வரை கூட்டி 28 வரும். எண்ணிக்கையைச் சோதிப்பதை விட இந்தக் கூட்டலைச் சோதிப்பது நல்லது.

லூப்புக்குள் ரிகர்ஷன்

```python
def walk(start):
    out.append(path[:])
    for i in range(start, len(a)):
        path.append(a[i])
        walk(i + 1)
        path.pop()
```

இதில் அடிப்படை நிலை என்று தனியாக எதுவும் இல்லை. ஒவ்வொரு அழைப்பும் உள்ளே நுழைந்தவுடன் ஒரு உட்கணத்தைப் பதிவு செய்துவிடுகிறது. வரிசை: `[]`, `[1]`, `[1, 2]`, `[1, 2, 3]`, `[1, 3]`, `[2]`, `[2, 3]`, `[3]`. மரத்தின் கணு ஒவ்வொன்றும் ஒரு உட்கணம் என்பதால் அழைப்புகளும் எட்டே, முந்தைய வழியைப் போலப் பதினைந்து இல்லை.

ஆனால் இரண்டாகப் பிரியும் இடம் எதுவும் இதில் கண்ணுக்குத் தெரியவில்லையே, பிறகு எப்படி இரு மடங்கு வருகிறது? 3-இல் தொடங்கும் கிளையில் ஒரே உட்கணம் இருக்கிறது. 2-இல் தொடங்குவதில் இரண்டு, 1-இல் தொடங்குவதில் நான்கு, மேலே வெற்றுக் கணம் ஒன்று. 1 + 1 + 2 + 4 = 8. முன்னால் 0 என்று ஒரு உறுப்பைப் புதிதாக வைத்தால், அதற்கென ஒரு கிளை முளைக்கும். அந்தக் கிளையின் உள்ளே 0-ஐத் தொடர்ந்து வரக்கூடியவை 1, 2, 3-இன் உட்கணங்கள் எட்டும்தான். அதாவது புதிய கிளை ஒன்றே, இதுவரை இருந்த மொத்த மரத்தின் அளவு. இரட்டிப்பு இங்கேயும் அதேதான், எல்லா மட்டத்திலும் பரவாமல் ஒரே கிளையாக வந்து நிற்கிறது.

இந்த வழியில் வரும் பிழை `walk(i + 1)` என்பதற்குப் பதில் `walk(start + 1)` என்று தட்டிவிடுவது. விடையில் `[2, 2]` போன்றவை தலைகாட்டினால் அதுதான் காரணம். 2-ஐ எடுத்த பிறகும் லூப் அதே 2-இலிருந்து மறுபடி தொடங்குகிறது.

ஒரு கணக்கில் வைத்துப் பார்ப்போம்

3, 5, 8, 9 என்ற நான்கு எண்களில் கூட்டல் சரியாக 11 வரும் உட்கணம் எது? விடை 3 + 8. ஆனால் எந்த வழி எத்தனை அழைப்பில் அதைக் கண்டுபிடிக்கிறது என்பதே நமக்கு வேண்டியது. எண்கள் ஏறுவரிசையில் இருக்கின்றன, எல்லாம் நேர்மறை. ஆகவே கூட்டல் 11-ஐத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. தாண்டுமா என்று அழைப்பதற்கு முன்பே பார்த்துவிடுகிறோம்.

எடுக்கவா-விடவா வழியில் வெட்டாமல் ஓடினால் 31 அழைப்புகள். வெட்டினால் மட்டத்துக்கு மட்டம் 1, 2, 4, 6, 7 என்று மொத்தம் 20. முதல் மூன்று மட்டங்களில் ஒன்றும் வெட்டப்படவில்லை. 3, 5 இரண்டையும் சேர்த்தாலும் 11-ஐத் தாண்டவில்லை என்பதால், வெட்டு விழ ஆரம்பிப்பதே மூன்றாவது எண்ணான 8 வந்த பிறகுதான்.

லூப் வழியில் வெட்டாமல் 16. வெட்டினால் 7. அந்த ஏழும் என்னவென்று எழுதிவிடலாம்: `[]`, `[3]`, `[3, 5]`, `[3, 8]`, `[5]`, `[8]`, `[9]`. கூட்டல் 11-ஐத் தாண்டாத உட்கணங்கள் இந்த நான்கு எண்களில் ஏழே ஏழுதான், லூப் வழி அவற்றை மட்டும் ஒருமுறை தொட்டுவிட்டு நிற்கிறது. ஏறுவரிசை என்பதால் ஒரு எண் தாண்டியதும் `break` போட்டு மீதி எண்களையும் சேர்த்துத் தள்ளிவிட முடிகிறது. முந்தைய வழியில் அதே ஏழு உட்கணங்கள் இலைகளாக இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் "இதை விடு, அடுத்ததையும் விடு" என்று அடிமட்டம் வரை இறங்கி வர வேண்டியிருக்கிறது. மீதி 13 அழைப்புகள் அந்த இறக்கத்தில் போனவை.

வரம்புக்குள் இருக்கும் உட்கணங்களைத் தேடுகிற எந்த வேலைக்கும் நான் லூப் வழியை எடுப்பது இதனால்தான். அப்படியானால் எடுக்கவா-விடவா எதற்கு? ஒரு உறுப்பை விடுவதற்கும் ஒரு விளைவு இருக்கும் கணக்குகளுக்கு. எண்களை இரண்டு அணியாகப் பிரித்து இரண்டின் கூட்டலும் நெருக்கமாக வர வேண்டும் என்று வையுங்கள். முதல் அணிக்கு எடுக்காத எண் இரண்டாம் அணிக்குப் போகிறது, அதன் கூட்டல் ஏறுகிறது, அதை வைத்தும் கிளையை வெட்டலாம். லூப் வழியில் "விட்டோம்" என்பதற்குத் தனி அழைப்பே இல்லாததால், அந்த இரண்டாம் கூட்டலை எங்கே வைத்துக்கொள்வது என்று தடுமாற வேண்டும். மூன்று அணி, நான்கு அணி என்று நீளும்போதும் எடுக்கவா-விடவா வழியில் இன்னொரு அழைப்பு வரியைச் சேர்த்தால் போதும்.

ஒரே மதிப்பு இருமுறை வந்தால்

`[1, 2, 2]` கொடுத்துப் பாருங்கள். மூன்று வழிகளும் எட்டுதான் தரும், ஆனால் அவற்றில் `[2]` இரண்டு முறை, `[1, 2]` இரண்டு முறை இருக்கும். வேறுபட்டவை ஆறு. இரட்டிப்பு எங்கே உடைந்தது? `[1, 2]`-இன் நான்கு உட்கணங்களோடு இரண்டாவது 2-ஐச் சேர்த்தால் புதிய கூட்டம் `[2], [1, 2], [2, 2], [1, 2, 2]`. இதில் முதல் இரண்டும் பழைய கூட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக எதுவும் இருக்காது என்று முன்பு சொன்னோமே, அது இங்கே பொய்த்துவிட்டது. 4 + 4 − 2 = 6. சரியான எண்ணிக்கையை வேறு விதமாகவும் பெறலாம்: 1-ஐ 0 அல்லது 1 முறை, 2-ஐ 0, 1 அல்லது 2 முறை எடுக்கலாம். 2 × 3 = 6.

எல்லாவற்றையும் உருவாக்கிவிட்டுப் பிறகு ஒவ்வொன்றையும் `tuple` ஆக்கி `set` வைத்து வடிகட்டலாம்தான். ஆனால் ஒரே மதிப்பு இருபது முறை வந்தால் 21 விடைக்காகப் பத்து லட்சத்துக்கு மேல் உருவாக்க வேண்டும். லூப் வழியில் ஒரே வரியில் தீர்ந்துவிடுகிறது. லிஸ்ட்டை முதலில் வரிசைப்படுத்திவிட்டு, லூப்பின் முதல் வரியாக இதைச் சேர்க்க வேண்டும்:

```python
if i > start and a[i] == a[i-1]: continue
```

ஒரே மட்டத்தில் ஒரு மதிப்பு ஒருமுறைதான் கிளையாகலாம் என்பது இதன் பொருள். `i > start` என்பதை `i > 0` என்று எழுதினால் `[2, 2]`-யும் `[1, 2, 2]`-யும் விடையில் வராமல் போய்விடும், ஆறு நான்காகிவிடும். மற்ற இரண்டு வழிகளிலும் இதைச் செய்ய முடியும், ஆனால் இவ்வளவு சுத்தமாக வராது.

ரிகர்ஷனே வேண்டாம் என்றால்

0 முதல் 2ⁿ − 1 வரை எண்ணிக்கொண்டே போய், ஒவ்வொரு எண்ணின் பிட்களையும் "உண்டு, இல்லை" என்று படித்தால் அதுவும் எல்லா உட்கணங்களையும் தரும். கிளையை வெட்டத் தேவையில்லாத, எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டிய வேலைக்கு இது சுருக்கமானது. வெட்ட வேண்டுமென்றால் உதவாது. பைத்தானில் அளவு வாரியாக, முதலில் ஒற்றை உறுப்பு, பிறகு இரண்டு என்று வேண்டுமானால் `itertools.combinations`-ஐ 0 முதல் n வரை ஓட்டுவது போதும், சொந்தமாக எழுத வேண்டியதே இல்லை.

40 உறுப்புகள் என்று வந்துவிட்டால் மேலே சொன்ன எதையும் முழுதாக ஓட்ட முடியாது. 2⁴⁰ என்பது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கோடிக்குச் சற்றுக் குறைவு. வெட்டு நன்றாக விழுந்தால் தப்பிக்கலாம், விழாவிட்டால் இல்லை. கூட்டல் இலக்கைத் தேடும் கணக்காக இருந்தால் மட்டும் ஒரு வழி இருக்கிறது. 1974-இல் ஹோரோவிட்ஸ், சாஹ்னி இருவரும் வெளியிட்டது அது. 40-ஐ இருபது இருபதாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியின் உட்கணக் கூட்டல்களையும் தனித்தனியே எடுத்து வரிசைப்படுத்தி, ஒரு பக்கத்துக் கூட்டலுக்கு மறுபக்கத்தில் ஜோடி தேடுவது. ஒவ்வொரு பாதியிலும் 10,48,576 கூட்டல்கள்தான். அந்தப் பாதிகளை உருவாக்க நான் முதல் வழியையே எடுப்பேன், ஏனென்றால் அங்கே எல்லாக் கூட்டல்களும் ஒரே நேரத்தில் கையில் இருந்தாக வேண்டும். உட்கணத்துக்குப் பதில் அதன் கூட்டலை மட்டும் வைத்தால் `[[a[0]] + s for s in rest]` என்பது `[a[0] + s for s in rest]` ஆகும், அடிப்படை நிலை `[0]` ஆகும். உள்ளே லிஸ்ட்கள் இல்லாததால் மெமரி பிரச்சினையும் பெருமளவு குறைந்துவிடுகிறது.